மேலாளரும் பணியாளரும் பேசியதை நியாயமாக எழுதிவைப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

"கவனிக்காம விட்டுட்டேன் சார்." ஓர் உதவியாளர் தன் மேலாளரிடம் சொன்னது இவ்வளவுதான். அன்று மாலை ஆங்கிலத்தில் எழுதப்பட்ட குறிப்பில் அது "தனது அலட்சியத்தை ஒப்புக்கொண்டார்" என்று ஆகியிருந்தது. இரண்டு வருடம் கழித்து வேறொரு விஷயத்துக்காக அவர்மீது விசாரணை வந்தபோது, கோப்பிலிருந்து அந்த வரியை எடுத்து மேசையில் வைத்தார்கள். அந்தக் குறிப்பு ஒன்று இருக்கிறது என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். பணியாளர் பிரிவில் இருந்த நான்தான் அந்தக் கோப்பை எடுத்துக்கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அறிவுரைச் சந்திப்பு, அப்ரைசல் சந்திப்பு, பெயர் எதுவானாலும் உள்ளே பேசுவது இரண்டு பேர், எழுதுவது ஒருவர். அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, பேனாவும் அவர் கையில்தான் இருக்கிறது. ஆகவே அந்தக் குறிப்பு நியாயமானதா என்று பார்க்க நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்பேன்: பணியாளர் இதைப் படித்தால், "நான் சொன்னது இதுதான்" என்று சொல்வாரா? மேலாளர் சொன்னதை அவர் ஏற்க வேண்டும் என்றில்லை. தான் சொன்னது தான் சொன்னபடி இருக்கிறது என்று அவருக்குத் தோன்ற வேண்டும்.

விளக்கத்துக்கு ஒரு மாதிரிச் சம்பவத்தை எடுத்துக்கொள்கிறேன். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். டாக்குமென்டேஷன் பிரிவில் ஓர் உதவியாளர் பேக்கிங் லிஸ்ட் தயாரிக்கிறார். மார்ச் மாதத்தில் அவர் போட்ட 46 லிஸ்ட்களில் 5-ல் கார்ட்டன் எண்ணிக்கையோ நிகர எடையோ சரக்கோடு ஒத்துப்போகவில்லை. மூன்றை அலுவலகத்திலேயே பிடித்துவிட்டார்கள். இரண்டு வெளியே போய், தூத்துக்குடியில் கிளியரிங் ஏஜென்ட் கண்டுபிடித்தார். அதில் ஒரு கன்டெய்னர் ஒரு நாள் தாமதமானது. மேலாளர் அவரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும்.

சந்திப்புக்கு முன்

முதலில் இது எந்த வகைச் சந்திப்பு என்று முடிவு செய்யுங்கள். வேலை சரியாக நடக்க வழி தேடுவது அறிவுரைச் சந்திப்பு. தவறுக்குத் தண்டனை உண்டா என்று பார்ப்பது ஒழுங்கு நடவடிக்கை. அதற்கு ஷோகாஸ் நோட்டீஸ், எழுத்தில் பதில், தேவைப்பட்டால் விசாரணை என்று தனிப் பாதை இருக்கிறது. அறிவுரை என்று சொல்லி உட்காரவைத்து, எழுதும்போது குற்றப்பத்திரிகை மாதிரி எழுதினால் ஆளை ஏமாற்றியதாகத்தான் ஆகும். பேசிக்கொண்டிருக்கும்போதே விஷயம் தண்டனை பக்கம் திரும்புகிறது என்று தெரிந்தால் சந்திப்பை அங்கேயே நிறுத்துங்கள். "இதுவரை பேசியது அறிவுரைச் சந்திப்பு, மற்றது தனியாக எழுத்தில் வரும்" என்று குறிப்பில் எழுதுங்கள்.

இரண்டு நாள் முன்பே பணியாளருக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். எதைப் பற்றிப் பேசப்போகிறோம், எந்தத் தாள்களை வைத்துப் பேசப்போகிறோம், பேசியதை எழுதி அவருக்கும் ஒரு பிரதி தரப்போகிறோம். நம் உதவியாளருக்கு அந்த 5 லிஸ்ட்களின் நகலையும் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் அவரால் தன் போனில் இருந்த வாட்ஸ்அப் செய்திகளைத் தேடி எடுத்துவர முடிந்தது. திடீரென்று கூப்பிட்டிருந்தால் "தெரியல சார், பாக்கணும்" என்றுதான் சொல்லியிருப்பார். அதுவும் குறிப்பில் "விளக்கம் அளிக்கவில்லை" என்று ஏறியிருக்கும்.

பேசும்போது எழுதுவது

ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் மேலாளர் சொன்னது, வலப்பக்கம் பணியாளர் சொன்னது. பாதி நேரம் போனதும் தாளைப் பாருங்கள். இடப்பக்கம் நிரம்பி வலப்பக்கம் வெறுமையாக இருந்தால், ஒன்று நீங்கள் எழுதவில்லை, இல்லை அவரைப் பேச விடவில்லை. இரண்டுக்கும் அப்போதே பரிகாரம் செய்துவிடலாம்.

எல்லாவற்றையும் எழுத முடியாது, தேவையும் இல்லை. தேதி, எண்ணிக்கை, நேரம், யார் என்ன செய்வதாகச் சொன்னார்கள் என்பவற்றை அப்படியே பிடியுங்கள். காரணம் சொல்லும் வாக்கியம், மறுக்கும் வாக்கியம், பொறுப்பேற்கும் வாக்கியம் ஆகிய மூன்றையும் அவர் வாயிலிருந்து வந்தபடியே, பேச்சுத் தமிழிலேயே மேற்கோள் குறிக்குள் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் சண்டை வருவதெல்லாம் இந்த மூன்று இடத்தில்தான். ஒலிப்பதிவு செய்வதாக இருந்தால் இருவரும் ஒப்புக்கொண்டு, அதையும் எழுதிவிட்டுச் செய்யுங்கள். மேசைக்கு அடியில் போனை வைத்துப் பதிவு செய்யாதீர்கள்.

கடைசி ஐந்து நிமிடத்தை ஒதுக்கி, வலப்பக்கத்தில் எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். "நீங்க சொன்னதை நான் இப்படி எழுதியிருக்கேன், சரியா இருக்கா?" என்று கேளுங்கள். நம் சம்பவத்தில் மேலாளர், "ஃப்ளோர்ல இருந்து கார்ட்டன் விவரம் லேட்டா வருது" என்று எழுதியிருந்தார். படித்துக் காட்டியதும் உதவியாளர் திருத்தினார்: "லேட்டா வர்றது மட்டும் இல்ல சார். வந்த பிறகு கார்ட்டனை மாத்துறாங்க, மாத்துனதைச் சொல்றதில்ல." முதல் வாக்கியத்தில் இருப்பது நேரப் பிரச்சினை. இரண்டாவதில் இருப்பது தகவல் வந்துசேராத பிரச்சினை. தீர்வே வேறு. அந்த ஐந்து நிமிடம் இல்லையென்றால் தவறான காரணம் கோப்பில் ஏறியிருக்கும்.

எழுதும்போது: வினைச்சொல்லில்தான் தீர்ப்பு ஒளிந்திருக்கிறது

அன்றே எழுதுங்கள். ஒரு இரவு கழிந்தால் நாம் கேட்டது மங்கி, நாம் நினைத்தது மட்டும் மிஞ்சும்.

தமிழில் ஒருவர் பேசியதைச் சொல்ல எத்தனையோ வினைகள் இருக்கின்றன. "என்றார்" என்பது நடுநிலை. "ஒப்புக்கொண்டார்" என்றால் அவர் செய்தது தவறு என்று ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது. "மழுப்பினார்", "சமாளித்தார்", "சாக்குச் சொன்னார்" என்றால் அவர் சொன்னது பொய் என்று படிப்பவர் காதில் ஓதிவிட்டோம். "வாதிட்டார்" என்ற சொல்கூட அடங்காத ஆள் என்ற படத்தைத் தருகிறது. மறுபக்கம் மேலாளருக்கு மட்டும் "எடுத்துரைத்தார்", "தெளிவுபடுத்தினார்", "சுட்டிக்காட்டினார்" என்று எழுதுவோம். ஒருவர் சுட்டிக்காட்டுகிறார், இன்னொருவர் மழுப்புகிறார் என்று படித்த பிறகு யார் பக்கம் நியாயம் என்று யாருக்கும் சந்தேகம் வராது. இருவருக்கும் "என்றார்", "கேட்டார்", "சொன்னார்" போதும். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று கவலை வேண்டாம். இது கட்டுரைப் போட்டி அல்ல.

மரியாதையிலும் இதே கணக்குதான். பேச்சில் மேலாளர் "வா, போ" என்றிருக்கலாம், உதவியாளர் வார்த்தைக்கு வார்த்தை "சார்" போட்டிருக்கலாம். எழுத்தில் இருவரும் "அவர்"தான்.

இரண்டாவது கண்ணி, "கூறப்பட்டது", "அறிவுறுத்தப்பட்டது", "உணரப்பட்டது". யார் கூறினார், யார் உணர்ந்தார்? "பணியாளரிடம் ஆர்வக்குறைவு உணரப்பட்டது" என்ற வரியை நான் பல கோப்புகளில் பார்த்திருக்கிறேன். எழுதியவரிடமே போய், "என்னத்தைப் பாத்து அப்படி எழுதினீங்க?" என்று கேட்டால், "மூணு தடவை கூப்பிட்டும் மீட்டிங்குக்கு வரல" என்பார். அதை எழுதலாமே! எந்த மூன்று நாள் என்று தேதியோடு எழுதினால் பணியாளர் தன் பதிலைச் சொல்ல முடியும். ஒரு நாள் விடுப்பில் இருந்திருக்கலாம். "ஆர்வக்குறைவு" என்ற சொல்லுக்கு யாரும் பதில் சொல்ல முடியாது.

மூன்றாவது, இதை நம் ஊரில் வேலை பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: "சரிங்க சார்." அதற்கு ஏற்கிறேன் என்று அர்த்தம் இல்லை. காதில் விழுந்தது என்று அர்த்தம். சில நேரம், இந்தப் பேச்சு சீக்கிரம் முடிந்தால் போதும் என்றும் அர்த்தம். "பாத்துக்கறேன் சார்" என்பதும் வாக்குறுதி அல்ல. அதேபோல மேலாளர் "பார்க்கலாம்பா" என்று சொன்னதை "பரிசீலிப்பதாக உறுதியளித்தார்" என்று எழுதுவதும் தவறு. இப்படிப்பட்ட பதில் வந்தால் அங்கேயே ஒரு கேள்வி கேளுங்கள்: "சரின்னா, எதைச் செய்யறதா சொல்றீங்க, எப்பல இருந்து?" வரும் பதிலை எழுதுங்கள். பதிலே வரவில்லை என்றால் "'சரிங்க சார்' என்றார்" என்று மேற்கோளோடு விட்டுவிடுங்கள். "முழுமையாக ஏற்றுக்கொண்டார்" என்று நீட்டாதீர்கள்.

நான்காவது, மொழி. பேச்சு தமிழில் நடக்கும், குறிப்பு ஆங்கிலத்தில் ஏறும். அந்த மாற்றத்தில்தான் "விட்டுட்டேன்" என்பது அலட்சியம் ஆனது. "விட்டுட்டேன்" என்றால் தவறிவிட்டது என்றும் பொருள், தெரிந்தே விட்டேன் என்றும் பொருள். சூழலை வைத்துத்தான் புரியும். பணியாளர் எந்த மொழியில் தடையில்லாமல் படிப்பாரோ, மூலக்குறிப்பு அந்த மொழியில் இருக்கட்டும். தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலம் வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பை இணைத்து, முரண்பாடு வந்தால் தமிழ்ப்பிரதியே செல்லும் என்று ஒரு வரி போடுங்கள்.

எதை எழுதக் கூடாது

நம் உதவியாளர் பேச்சுக்கு நடுவே, தன் அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்றும், அந்த நாட்களில் ஆறரை மணிக்குமேல் இருக்க முடியவில்லை என்றும் சொன்னார். குறிப்பில் என்ன ஏறும்? "குடும்பக் காரணத்தால் செவ்வாய், வெள்ளி 6.30-க்குமேல் இருக்க இயலாது என்றார்." வேலையைத் தொடுவது அவ்வளவுதான். அம்மாவின் நோய் கோப்பில் இருக்க வேண்டிய தேவையே இல்லை. அந்தக் கோப்பை நாளைக்கு யார் யாரோ புரட்டுவார்கள். எழுதுவதற்கு முன் அவரிடமே, "இதை எப்படி எழுதட்டும்?" என்று கேட்டுவிடுவது இன்னும் நல்லது. சிலர், காரணத்தை விவரமாகவே எழுதுங்கள் என்பார்கள். அது அவர் விருப்பம்.

மற்ற பணியாளர்களோடு ஒப்பிடுவது, பழைய வருடத்துப் பழைய கதை, கண்ணில் நீர் வந்தது, குரல் உயர்ந்தது போன்றவையும் வேண்டாம். பேச்சு நின்றுபோனால் மட்டும் "இருவரும் ஒப்புக்கொண்டு 10 நிமிடம் இடைவெளி எடுக்கப்பட்டது" என்று எழுதினால் போதும்.

எழுதி முடித்த குறிப்பு எப்படி இருக்கும்

ஒரு பக்கம், அதிகம் போனால் ஒன்றரைப் பக்கம். மேலே தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இருந்தவர்கள், சந்திப்பின் வகை. அதற்குக் கீழே நம் சம்பவத்தின் குறிப்பு இப்படிப் போகும்:

"மார்ச் மாதம் தயாரித்த 46 பேக்கிங் லிஸ்ட்களில் 5-ல் கார்ட்டன் எண்ணிக்கை அல்லது நிகர எடை சரக்கோடு ஒத்துப்போகவில்லை என்று மேலாளர் சொன்னார். ஐந்தின் நகலும் இருவர் முன்பும் இருந்தன. ஐந்திலும் வேறுபாடு இருப்பது சரிதான் என்று பணியாளர் சொன்னார்.

காரணம் கேட்டதற்கு, ஐந்தில் நான்கு, ஃப்ளோரிலிருந்து வந்த கார்ட்டன் விவரம் பின்னால் மாறியும் தனக்குத் தெரிவிக்கப்படாததால் வந்தவை என்றார். அந்த நான்கு நாட்களின் வாட்ஸ்அப் செய்திகளைக் காட்டினார். நான்கும் மாலை 6 மணிக்குப் பிறகு வந்தவை. ஐந்தாவதைப் பற்றி, 'அது நான் கவனிக்காம விட்டுட்டேன் சார், எடைச் சீட்டு என்கிட்டதான் இருந்துச்சு' என்றார்.

எடைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி மார்ச் 11 அன்று வாய்மொழியாகச் சொன்னதாக மேலாளர் சொன்னார். அன்று கவனமாக இருக்கச் சொன்னது நினைவிருக்கிறது, எடைச் சீட்டைப் பற்றிச் சொல்லவில்லை என்று பணியாளர் சொன்னார். எழுத்தில் பதிவு எதுவும் இல்லை."

கடைசிப் பத்தியைப் பாருங்கள். இருவர் நினைவும் மோதுகிறது. பெரும்பாலான மேலாளர்கள் இங்கே தங்கள் நினைவை உண்மையாகவும் மற்றவர் நினைவை மறுப்பாகவும் எழுதிவிடுவார்கள். மார்ச் 11 அன்று என்ன சொன்னார்கள் என்று இந்தத் தாளால் தீர்க்க முடியாது. இருவரும் இன்று என்ன சொன்னார்கள் என்பதை மட்டும்தான் இதில் வைக்க முடியும். "எழுத்தில் பதிவு இல்லை" என்ற வரி மேலாளருக்கு எதிராகப் போகிறதே என்று தோன்றினால், அதுதான் அந்த வரி இருக்க வேண்டிய காரணம்.

இதற்குப் பின் யார் என்ன செய்வது. இங்கேயும் இரு தரப்பும் வர வேண்டும். "ஏப்ரல் 7 முதல் ஒவ்வொரு லிஸ்டையும் எடைச் சீட்டோடு ஒப்பிட்டு ஓரத்தில் கையொப்பமிடுவதாகப் பணியாளர் சொன்னார். கார்ட்டன் மாறினால் அரை மணிக்குள் தெரிவிக்கும்படி ஃப்ளோர் மேற்பார்வையாளருக்கு ஏப்ரல் 7-க்குள் எழுத்தில் சொல்வதாகவும், செவ்வாய், வெள்ளி மாலைக்கு மாற்று ஆள் ஏற்பாடு செய்வதாகவும் மேலாளர் சொன்னார். மே 2 அன்று மறுபடி சந்திப்பு." பணியாளர் செய்ய வேண்டியது மட்டும் ஐந்து வரி, மேலாளர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்று ஒரு குறிப்பு வந்தால், அதை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். காரணங்களில் பாதி நிர்வாகத்தின் பக்கம் இருக்கும்போது பரிகாரம் முழுக்க ஒருவர் தலையில் எப்படி விழும்?

மேலாளருக்குத் தன் மதிப்பீட்டைச் சொல்ல உரிமை இல்லையா? உண்டு. கடைசியில் "மேலாளரின் கருத்து" என்று தனித் தலைப்பு போட்டு, எந்த உண்மையிலிருந்து அந்தக் கருத்துக்கு வந்தார் என்று எழுதட்டும். அதற்குக் கீழேயே "பணியாளரின் கருத்து" என்று அதே அளவு இடம் விட வேண்டும். நடந்ததற்கு நடுவே கருத்தைக் கலக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கொடுப்பது, திருத்துவது, கையொப்பம்

அடுத்த வேலை நாளுக்குள் வரைவைக் கொடுங்கள். வாசித்துப் பதில் தர மூன்று வேலை நாளாவது வேண்டும். "இப்பவே படிச்சிட்டு கையெழுத்துப் போடுங்க" என்று எதிரே நின்றால் யாரும் படிப்பதில்லை.

மறைத்துவைத்த மதிப்பீடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அரசுப் பொறியாளர் தேவ் தத்தின் வழக்கு நல்ல உதாரணம். அவருடைய ரகசியக் குறிப்பில் ஒரு வருடம் "நன்று" என்று போட்டிருந்தார்கள். பதவி உயர்வுக்கு "மிக நன்று" தேவைப்பட்டது. "நன்று" என்பது குறை இல்லையே என்று அதை அவருக்குத் தெரிவிக்கவில்லை. அதனாலேயே உயர்வு போனது. 2008-ல் உச்ச நீதிமன்றம், அரசுப் பணியாளருக்கு எந்த மதிப்பீடானாலும், நல்லதோ கெட்டதோ, தெரிவிக்கப்பட வேண்டும் என்றது. 2009-ல் மத்திய அரசு, ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை முழுவதையும் அலுவலருக்குக் காட்டி, அவர் முறையிட 15 நாள் தர வேண்டும் என்று ஆணையிட்டது. தனியார் நிறுவனத்தை இது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் காட்டாத குறிப்பை ஒருவருக்கு எதிராகப் பயன்படுத்துவது ஏன் அநியாயம் என்பதற்கான காரணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

பணியாளர் திருத்தம் சொன்னால், அது தான் சொன்னதைப் பற்றியதாக இருந்தால் ஏற்றுத் திருத்துங்கள். மேலாளர் சொன்னதைப் பற்றியதாக இருந்து, மேலாளர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், பணியாளர் எழுதியதை அப்படியே இணையுங்கள். பழைய வரைவை அழிக்க வேண்டாம். எந்தத் தேதியில் எது மாறியது என்று தெரியட்டும்.

கையொப்பத்துக்கு மேலே இந்த வாக்கியம் அச்சில் இருக்கட்டும்: "இதைப் படித்தேன், பிரதி பெற்றுக்கொண்டேன். இதில் உள்ள அனைத்தையும் ஏற்கிறேன் என்று இதற்குப் பொருள் அல்ல." இந்த வரி இருந்தால் கையெழுத்துப் போட மறுப்பவர்கள் பாதியாகக் குறைவார்கள் என்பது என் அனுபவம். அப்படியும் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். "பிரதி கொடுக்கப்பட்டது, கையொப்பமிட விரும்பவில்லை என்றார்" என்று தேதியோடு எழுதி, பிரதியை மின்னஞ்சலிலும் அனுப்பிவையுங்கள். மறுத்ததை ஒரு குற்றமாக எழுதக் கூடாது.

மறுசந்திப்பு

மே 2 அன்று எழுதும் குறிப்பு பழைய குறிப்பின் வாக்குறுதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, நடந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டும். நம் சம்பவத்தில் அது இப்படி இருக்கும்: "ஏப்ரல் 7 முதல் 30 வரை 33 லிஸ்ட். எல்லாவற்றிலும் எடைச் சீட்டு ஒப்பிட்ட கையொப்பம் இருந்தது. ஒன்றில் நிகர எடை வேறுபட்டது. அலுவலகத்திலேயே திருத்தப்பட்டது. ஃப்ளோருக்கான எழுத்து அறிவிப்பு ஏப்ரல் 7-க்குப் பதிலாக ஏப்ரல் 11 அன்று அனுப்பப்பட்டது. செவ்வாய், வெள்ளி மாலைக்கு மாற்று ஆள் ஏற்பாடு இதுவரை செய்யப்படவில்லை என்று மேலாளர் சொன்னார். மே 9-க்குள் செய்வதாகச் சொன்னார்."

இந்தக் கடைசி இரண்டு வரியை மேலாளர் தன் கையாலேயே எழுத வேண்டும். அடுத்த அப்ரைசலில் ஏப்ரல் மாதத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், முதல் குறிப்பை மட்டும் தனியே உருவி எடுக்க முடியாதபடி இரண்டையும் சேர்த்தே கோப்பில் தைத்துவையுங்கள்.